டபுள் விஷ்போன் இருந்தால்தான் சொகுசா?

எனக்குப் பிடித்த இரண்டு கார்களில் ஒன்றின் முன்பக்க சஸ்பென்ஷன் மேக்பெர்சன் ஸ்ட்ரட், இன்னொன்றில் டபுள் விஷ்போன். விஷ்போன்தான் சொகுசு என்கிறார்கள், விலையும் அதிகம். பெரும்பாலும் நகரத்துக்குள்தான் ஓட்டுவேன். கூடுதல் பணம் கொடுக்கலாமா? பின்னால் செலவு வைக்குமா?

நகர ஓட்டம்தான் என்றால், விஷ்போனுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம் ஸ்ட்ரட்டில் கீழே மட்டும்தான், மேல் ஆர்ம் கிடையாது. அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணும் ஆகிறது. டயர் அதற்கு வெளியே தள்ளி இருப்பதால், வண்டியின் எடை அந்தத் தூணை எந்நேரமும் வளைக்கப் பார்க்கும். உள்ளே ராடு பக்கவாட்டில் அழுந்தி உரசும். அந்த உரசலைத் தாண்டும் வரை ஸ்பிரிங் அசையாது.

ஒரு கணக்குக்கு, ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 2.5 கிலோ விசை வேண்டும், உரசல் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கை 4 மி.மீ. அமுக்கக்கூடிய விசை, அது அசையும் முன்பே பாடிக்குப் போய்விடுகிறது. சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் கையிலும் இருக்கையிலும் படும் கரகரப்பில் இதற்கும் பங்கு உண்டு. விஷ்போனில் மேலும் கீழும் ஆர்ம் இருப்பதால் இந்தச் சுமை ஷாக்கின் மேல் ஏறாது.

இது தெரிந்துதான் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங்கைச் சற்றுச் சாய்த்து வைக்கிறார்கள். வளைக்கும் விசையில் பெரும்பகுதியை அது ஈடுகட்டிவிடும். மிச்ச வித்தியாசம் டயரிலேயே காணாமல் போகலாம். பெரிய ரிம், மெல்லிய பக்கச்சுவர் கொண்ட டயர் போட்ட விஷ்போன் காரை விட, தடித்த டயர் போட்ட ஸ்ட்ரட் கார் நகரத்தில் மென்மையாகப் போகலாம்.

விஷ்போனின் உண்மையான பலம் வளைவில்தான் தெரியும். மேல் ஆர்ம் குட்டையானது. வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையை அது உள்ளே இழுத்து, டயரைச் சாலையில் தட்டையாக வைக்கும். வேகமாக மலைப்பாதை ஓட்டுபவர்களுக்கு அது பணம் பெறும்.

இனி செலவு. ஸ்ட்ரட்டில் ஒரு பக்கத்துக்குப் பொதுவாக ஒரு பால் ஜாயிண்ட், ஆர்மை வண்டியோடு பிணைக்கும் இரண்டு ரப்பர் புஷ். விஷ்போனில் அது ஏறக்குறைய இரட்டிப்பு, ஒவ்வொன்றும் தேயும். புஷ் தேய்ந்தால் பள்ளத்தில் 'டக்' சத்தம் வரும், டயர் ஓர் ஓரமாகத் தேயும். ஸ்ட்ரட்டில் ஷாக் கசிந்தால்தான் வேலை அதிகம்: முழுதாகக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரித்து, ஜோடியாக மாற்றி, அப்புறம் வீல் அலைன்மெண்ட் செய்ய வேண்டும். அதோடு மேல் மவுண்ட்டையும் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அவை போகும்போது இதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும்.

வாங்கும் முன் இரண்டு காரையும் ஒரே கரடுமுரடான சாலையில், 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். டயர் காற்று இரண்டிலும் அந்தந்தக் கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும். ஷோரூமில் நிற்கும் வண்டிகளில் அது கூடுதலாக இருப்பது உண்டு.