சுவரும் தரையும் ஒட்டாத கிட்: வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் கேட்டவை

கேள்வி: அன்ரியல் எஞ்சினில் சின்னதாக ஒரு கேம் செய்கிறேன். சுவர், தரை என்று தனித்தனித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் கட்டட கிட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். ஸ்னாப் போட்டுத்தான் வைக்கிறேன். சுவரோடு சுவர் ஒட்டுகிறது, தரை மட்டும் எந்தப் பக்கம் தள்ளினாலும் அரை மீட்டர் விலகியே நிற்கிறது. கிட் பழுதா? காசைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதலில் ஸ்னாப் அளவை 100-லிருந்து 50-க்கு மாற்றி, தரையை ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அது சுவரோடு போய் உட்கார்ந்துவிடும். சரியாக அரை மீட்டர் விலகுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது, துண்டின் இடத்தை எஞ்சின் கணக்கிடும் ஆதாரப் புள்ளியான பிவட்டைத்தான்.

அன்ரியலில் ஒரு யூனிட் என்பது ஒரு சென்டிமீட்டர். ஸ்னாப் 100 என்று வைத்தால் ஒரு துண்டு மீட்டர் மீட்டராக நகரும். ஆனால் கிரிட்டில் போய் உட்காருவது துண்டின் விளிம்பு அல்ல, அதன் பிவட். உங்கள் சுவர் 300 நீளம், பிவட் அதன் ஒரு முனையில் அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுவர் 0-இல் தொடங்கி 300-இல் முடியும், அடுத்தது 300-இல் தொடங்கும். சிக்கலே இல்லை. தரையும் 300-க்கு 300 தான், ஆனால் அதன் பிவட் நட்டநடுவில் இருக்கிறது. பிவட்டை 100-இல் வைத்தால் தரையின் விளிம்புகள் -50-இலும் 250-இலும் விழும். 200-இல் வைத்தால் 50-இலும் 350-இலும் விழும். 0-விலிருந்து 300 வரை சரியாக நிரப்ப அந்தப் பிவட் 150-இல் நிற்க வேண்டும். 100 ஸ்னாப்பில் 150 என்ற இடமே கிடையாது.

இதே பிவட் நடுவில் இருந்தும் 400 அளவுள்ள கிட்டில் இந்தத் தொல்லை தெரியாது, ஏனென்றால் பாதி 200, அது 100-இன் மடங்கு. அதனால்தான் ஒரு கிட் நன்றாகப் பொருந்தி, இன்னொன்று பொருந்தாமல் போவதைப் பார்த்து பலர் குழம்புகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் ஸ்னாப்பை மாற்றுவது அலுப்பூட்டும் வேலை. நிரந்தரமாகச் சரிசெய்ய, பிளெண்டரில் தரையைத் திறந்து, எடிட் மோடில் மூலைப் புள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து `Shift+S` அழுத்தி `Cursor to Selected` கொடுங்கள். பிறகு ஆப்ஜெக்ட் மோடுக்கு வந்து `Object > Set Origin > Origin to 3D Cursor`. கடைசியில் `Alt+G` அழுத்தித் துண்டை உலகின் 0,0,0-க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது காட்சியின் 0,0,0-ஐயே அன்ரியல் பிவட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும், ஆகவே இந்த ஒரு படியை விட்டால் செய்த வேலை வீணாகிவிடும். அன்ரியல் 5-க்குள்ளேயே மாடலிங் மோடில் `Edit Pivot` என்ற கருவியும் இருக்கிறது. எந்த வழியில் செய்தாலும் லெவல் கட்டத் தொடங்கும் முன், மெஷ்ஷின் நகலில் செய்யுங்கள். கட்டிய பிறகு பிவட்டை மாற்றினால் ஏற்கெனவே வைத்த துண்டுகள் எல்லாம் இடம்பெயரும்.

பணம் பற்றி: பிவட் நடுவில் இருப்பது குறையல்ல, அது செய்தவரின் தேர்வு. ஒரே கிட்டுக்குள் சில துண்டுகளுக்கு முனையிலும் சிலவற்றுக்கு நடுவிலுமாக இருந்து, விளக்கத்தில் அதைச் சொல்லவும் இல்லை என்றால், அது விற்றவரிடம் கேட்க வேண்டிய குறைதான். சுவர் 300 என்று எழுதிவிட்டு அளந்தால் 298 வருகிறது என்றால், தயங்காமல் ஸ்கிரீன்ஷாட்டோடு கேளுங்கள்.

கேள்வி: இனிமேல்தான் வாங்கப்போகிறேன். படத்தில் எல்லா கிட்டும் அழகாகத்தான் இருக்கிறது. கட்டும்போது இடைவெளி வராது என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கடைப் படங்களில் கேமரா பெரும்பாலும் அறைக்குள்தான் நிற்கும். கிட்டின் தரம் தெரிவது மூலையில், அதுவும் வெளியிலிருந்து பார்க்கும்போது. அதனால் விற்பவரிடம் மூலையை மேலிருந்து எடுத்த ஒரு படம் கேளுங்கள்.

ஏன் மூலை? சுவருக்குத் தடிமன் இருக்கிறது. 20 செ.மீ. தடிமனுள்ள சுவர் கிரிட் கோட்டின் மேல் நடுவாக நிற்கிறது என்றால், கோட்டுக்கு இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10. இரண்டு சுவர்கள் ஒரு மூலையில் சந்திக்கும்போது உள்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று 10-க்கு 10 நுழைந்துகொள்ளும், அறைக்குள் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. வெளிப்பக்கம் அதே 10-க்கு 10 சதுரம் வெட்டி எடுத்ததுபோல் காலியாக இருக்கும். சுவரின் முனை முகம் மூடாமல் விட்ட கிட் என்றால் அந்த வெட்டு வழியாகச் சுவரின் உட்புறமும், அதைத் தாண்டி வானமும் தெரியும். இதை அடைக்கத்தான் மூலைத் தூண். 20-க்கு 20 தூண் போட்டால் அதன் முகமும் சுவரின் முகமும் ஒரே தளத்தில் விழுந்து மினுக்கும். 24-க்கு 24 போட்டால் 2 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு, பார்வைக்கும் தூணாகவே இருக்கும்.

சில கிட்டுகளில் சுவரின் உள்முகம் கோட்டில் நிற்கும், தடிமன் முழுக்க வெளியே போகும். உள்ளரங்கு மட்டும் காட்டும் கேமுக்கு இது நல்ல முறை, அறையின் உள்ளளவு சுத்தமாக 300, 600 என்று வரும். ஆனால் L வடிவ அறையில், உள்ளே துருத்தி நிற்கும் மூலையில் ஒரு சுவரின் முனையும் அடுத்த சுவரின் முகமும் 20 செ.மீ. பட்டைக்கு ஒரே தளத்தில் வந்து, நடக்க நடக்க மினுக்கும். இதற்கென்று தனி மூலைத் துண்டு கிட்டில் இருக்கிறதா என்று துண்டுகளின் பட்டியலில் பாருங்கள். உள்மூலை, வெளிமூலை இரண்டுமே இல்லாத கிட்டை விலை குறைவென்று வாங்க வேண்டாம். அந்தத் துண்டுகளை நீங்களே செய்ய உட்காருவீர்கள்.

அடுத்தது உயரம். சுவர் 300, தரைப் பலகை 20 தடிமன் என்று வைத்துக்கொள்வோம். தரையின் மேல்முகம் பூஜ்யத்தில் இருந்து, தடிமன் கீழே இறங்கினால் மாடியின் தரை சரியாக 300-இல் வரும், 300 ஏறும் படிக்கட்டு பொருந்தும். பலகையின் அடிமுகத்தில் பிவட் இருந்து, சுவரின் தலையில் அதை வைத்தால் மாடித்தரை 320-க்குப் போய்விடும். படிக்கட்டு 20 செ.மீ. குறைவாக நிற்கும், கீழே கதவின் அடியும் தரைக்குள் புதையும். மாடி இல்லாத கேம் என்றால் இதை விட்டுவிடலாம்.

விற்பவர் மாதிரி மேப் கொடுத்திருந்தால் அதுவே நல்ல சாட்சி. அதில் நாலைந்து சுவர்களைச் சொடுக்கி, `Details` பகுதியில் `Scale` என்ன என்று பாருங்கள். எல்லாம் 1.0 ஆக இருக்க வேண்டும். 1.013, 0.98 போன்ற எண்கள் தென்பட்டால், செய்தவருக்கே அறை மூடவில்லை, சுவரை இழுத்து மூடியிருக்கிறார் என்று பொருள். பிம்பமாகத் திருப்ப வைத்த -1.0 மட்டும் விதிவிலக்கு.

மாதிரி மேப்பை நம்பி முடிவெடுக்காமல், காலி லெவல் ஒன்றில் நீங்களே சுற்றிவந்து பார்ப்பது இன்னும் நல்லது. இலவச மாதிரித் துண்டுகள் கிடைத்தால் வாங்கும் முன்பே செய்யலாம், இல்லையென்றால் வாங்கிய அன்றே செய்யுங்கள். டவுன்லோட் செய்துவிட்டால் பணம் திரும்பாது என்று சில கடைகள் விதி வைத்திருக்கும், அதைப் பணம் கட்டும் முன் படியுங்கள். ஒரு பக்கம் 4 சுவர், இன்னொரு பக்கம் 3 சுவர், மொத்தம் 14 துண்டில் ஒரு செவ்வக அறை. சுழற்சி ஸ்னாப்பை 90-க்கு வைத்து, இடையில் ஒரு கதவுத் துண்டும் சேர்த்து, தொடங்கிய மூலைக்கே திரும்பி வாருங்கள். ஒவ்வொரு துண்டையும் முந்தையதன் விளிம்போடு ஒட்டவைக்க `V` விசையைப் பிடித்துக்கொண்டு இழுங்கள். அப்போதுதான் பிழை சேர்ந்து சேர்ந்து வெளியே தெரியும். ஒரு சுவர் 302.4 என்று இருந்தால் நாலு சுவரில் 9.6 செ.மீ. ஆகி, எதிர்ப்பக்கம் வேறு துண்டுகள் இருந்தால் அறை மூடாது. ஸ்டேடிக் மெஷ் எடிட்டரில் தெரியும் `Approx Size` இதை உடனே காட்டும். ஆனால் அது கீழ்ப்பட்டி, அலங்கார விளிம்பு எல்லாவற்றையும் சேர்த்த அளவு. தடிமனில் 20-க்குப் பதில் 24 இருந்தால் கவலை வேண்டாம். நீளத்தில் 300-ஐத் தாண்டினால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இரண்டு கிட்டைக் கலந்து கட்டும் எண்ணம் இருந்தால் ஒன்று: 300 கிட்டும் 400 கிட்டும் 1200-இல்தான் மறுபடி சந்திக்கும். நடுவில் எங்கும் சேராது. 256, 512 என்று இரட்டை மடங்கில் செய்த கிட்டுகளும் விற்பனையில் உண்டு. அவற்றுக்கு `Use Power of Two Snap Size` என்ற அமைப்பை இயக்க வேண்டும், இயக்கினால் 300 கிட்டுக்குச் சரிவராது. ஒரு கேமுக்கு ஒரே அளவு என்று முடிவெடுத்து வாங்குங்கள்.

கேள்வி: அளவு, பிவட் எல்லாம் சரியாக இருக்கிறது. அப்படியும் துண்டுகள் சேரும் இடத்தில் கோடு தெரிகிறதே?

பதில்: `Alt+3` அழுத்தி ஒளியில்லாத பார்வைக்குப் போங்கள். கோடு மறைந்தால் அது இடைவெளி அல்ல, ஒளியின் வேலை. ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டு லைட்மேப்பாக பேக் செய்யும்போது ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுவதால் பக்கத்துத் துண்டோடு நிழலின் அளவு கொஞ்சம் மாறும். லைட்மேப் தெளிவைக் கூட்டலாம், அல்லது அந்த இடத்தில் தூணோ பட்டியோ வைத்து மறைக்கலாம். பேக் செய்யாமல் ஓடும்போதே ஒளியைக் கணக்கிடும் லூமன் பயன்படுத்தினால் சுவர் 10 செ.மீ.-க்கு மெல்லியதாக இருக்கக்கூடாது, இருந்தால் மூலைகளில் வெளிச்சம் கசியும்.

ஒளியில்லாத பார்வையிலும், கேமரா நகரும்போது மட்டும் ஒற்றைப் புள்ளிகளாக மினுக்கினால் காரணம் வேறு. ஒரு துண்டின் விளிம்பில் நடுவே ஒரு வெர்டெக்ஸ் இருந்து, அதைத் தொடும் துண்டில் அதே இடத்தில் வெர்டெக்ஸ் இல்லாவிட்டால், எண்களின் நுண்பிழையால் இடையே ஒரு பிக்சல் திறந்துகொள்ளும். இரு விளிம்பிலும் வெர்டெக்ஸ் ஒரே இடத்தில் வரும்படி பிளெண்டரில் சேர்ப்பதுதான் சரியான மருந்து. அதற்கு நேரமில்லை என்றால், தரைக்கு ஒரு செ.மீ. கீழே அதே நிறத்தில் ஒரு பெரிய தட்டையான பலகையை விரித்துவிடுங்கள். திறக்கும் பிக்சல் வழியே வானத்துக்குப் பதில் அந்தப் பலகை தெரியும், கண் அதைப் பிடிக்காது.