மணிக்கட்டுல பட்டதை ரிப்போர்ட்ல எழுதணுமா?

கேள்வி: லேப்ல 500 மில்லி சல்ஃப்யூரிக் ஆசிட் பாட்டில் கை தவறி சாஞ்சிருச்சு, கான்சன்ட்ரேட்டட் ஆசிட். தரையில கொட்டுச்சு, மணிக்கட்டுலயும் கொஞ்சம் பட்டுச்சு, கழுவிட்டேன், இப்ப எரிச்சல் இல்ல. சார் "சின்ன ஸ்பில், சுத்தம் செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதிட்டு விடுங்கறார். எவ்வளவு கொட்டுச்சுன்னே எனக்குத் தெரியல. ஒருத்தர் ரெடிமேட் ரிப்போர்ட் ஃபார்மேட் விலைக்குத் தர்றேங்கறார். என்ன எழுதணும்?

பதில்: எழுதணும். மணிக்கட்டுல பட்டதைத்தான் முதல்ல எழுதணும். "காயம் இல்லை"ங்கறது வேற, "ஆசிட் படவில்லை"ங்கறது வேற, இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பி ஒரே வரியில முடிக்கிறதுதான் எல்லா லேப்லயும் நடக்குது. ரிப்போர்ட்ல கேக்குற எக்ஸ்போஷர் உடம்புல பட்டுச்சா, மூச்சுல போச்சாங்கறதுதான். காயம் ஆச்சாங்கறது அதுக்கு அடுத்த கேள்வி. ராத்திரி அந்த இடம் சிவந்து கொப்புளம் வந்துச்சுன்னா டாக்டர் கையில இருக்கப்போறது இந்தத் தாள்தான், அதுல பட்டதே இல்லன்னு இருந்தா உங்க பேச்சுக்கு ஆதாரம் எங்க இருக்கு?

அதனால இப்படி எழுதுங்க: வலது மணிக்கட்டு உள்பக்கம், க்ளவுஸ் முடியுற இடத்துக்கு மேல, ஒரு சின்ன நாணயம் அளவு இடம், பட்ட நேரம், தண்ணியில காட்ட ஆரம்பிச்ச நேரம், எவ்வளவு நிமிஷம் காட்டினீங்க. 3 நிமிஷம்தான் கழுவினீங்கன்னா 3ன்னே எழுதுங்க. சரியான முதலுதவி, ஆசிட் பட்ட சட்டை, வாட்ச், வளையல் எல்லாத்தையும் கழட்டிட்டு ஓடுற தண்ணியில குறைஞ்சது 15 நிமிஷம் காட்டுறது, அதுக்காக நடக்காததை நடந்த மாதிரி எழுதக் கூடாது. தோல்ல சோடா உப்பு தேய்க்கிறது, டூத்பேஸ்ட் பூசுறது, தீக்காய களிம்பு தடவுறது எதுவும் வேணாம். யாராவது பூசி விட்டிருந்தா அதையும் எழுதுங்க. கண்ணுல ஒரு துளி தெறிச்சிருந்தாலும் இமையை விரிச்சுப் பிடிச்சு அதே 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், ரிப்போர்ட் அப்புறம்.

பொருள் பேருல "ஆசிட்"னு மட்டும் எழுதிட்டுப் போயிராதீங்க. பாட்டில் லேபிளைப் பாத்து முழுப் பேரு, 98 சதவீதமா நீர்த்ததா, சிஏஎஸ் நம்பர் (சல்ஃப்யூரிக்குக்கு 7664-93-9), லேபிள்ல பேட்ச் நம்பர் இருந்தா அதுவும். 98 சதவீதமும் 10 சதவீதமும் டாக்டருக்கு ரெண்டு வேற விஷயம்.

எவ்வளவு கொட்டுச்சுங்கறதைக் கண்டுபிடிக்கலாம். ஆசிட் பாட்டிலுக்குள்ள தண்ணி ஊத்தி அளக்கப் போகாதீங்க, சூடாகித் தெறிக்கும். பாட்டிலை நிமித்தி வச்சு, மிச்சம் நிக்கிற மட்டத்துக்கு வெளியில மார்க்கர்ல கோடு போடுங்க, அதே மாதிரி ஒரு காலி பாட்டிலை எடுத்து அந்த மட்டம் வரைக்கும் தண்ணி நிரப்பி, அந்தத் தண்ணியை அளவு ஜாடியில ஊத்திப் பாருங்க. 310 மில்லி வருதுன்னு வச்சுக்கோங்க. புது பாட்டில் 500, யூஸேஜ் ரெஜிஸ்டர்ல அதுக்கு முன்னாடி 40 எடுத்ததா இருக்கு, அப்ப சாயுறப்ப உள்ள இருந்தது 460, கொட்டினது 150. தரையில பரவின இடத்தையும் ஒரு தடவை கணக்குப் போடுங்க: 25 சென்டிமீட்டருக்கு 30, ஆழம் சுமார் 2 மில்லிமீட்டர்னா அதுவும் 150 மில்லிதான். ரெண்டும் ஒத்து வந்தா "சுமார் 150 மில்லி, 130ல இருந்து 170 வரைக்கும் இருக்கலாம், பாட்டில் மட்டத்தை வச்சு மதிப்பிட்டது"ன்னு எழுதுங்க. எப்படித் தெரிஞ்சுச்சுன்னு எழுதாத நம்பர் யாருக்கும் உதவாது.

சுத்தம் பண்ணதுல "நியூட்ரலைஸ் செய்யப்பட்டது"ங்கற வார்த்தையை பிஹெச் பேப்பர் வச்சுப் பாக்காம எழுதாதீங்க. 150 மில்லி கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக்குக்கு கணக்குப்படி சோடியம் பைகார்பனேட் 460 கிராம் கிட்ட வேணும், ஒரு கைப்பிடி தூவிட்டு நுரை அடங்கிருச்சுன்னு துடைச்சீங்கன்னா ஆசிட்ல முக்கால்வாசிக்கு மேல அப்படியே இருக்கும். ஓரத்துல இருந்து உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா போடணும், நடுவுல மொத்தமா கொட்டினா பொங்கித் தெறிக்கும். மரத்தூள், டிஷ்யூ, பஞ்சு எதையும் போட்டு உறிஞ்சாதீங்க, கருகும், நைட்ரிக் ஆசிட்டா இருந்தா தீயே பிடிக்கலாம். கடைசியில ஈரத்துல பிஹெச் 6ல இருந்து 8க்குள்ள வந்துச்சான்னு பாத்து அந்த நம்பரை எழுதுங்க, டைல்ஸ் இடுக்கையும் செருப்பு அடியையும் சேத்துப் பாருங்க. கூட்டி எடுத்த கசடை டைட்டா மூடி வைக்காதீங்க, மிச்சம் இருக்குற கேஸ் டப்பாவை உடைச்சிரும். வேஸ்ட் எடுக்க வர்ற ஆள் "லேபிள் வேணாம், கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னா கொடுக்காதீங்க, நாளைக்கு அந்த டப்பாவால யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா இருக்கப்போறது உங்க கையெழுத்து மட்டும்தான்.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மேல சொன்ன முதலுதவி பத்தாது, இதை விட்டுட்டு என்னால எழுத முடியாது. ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட். சாதாரண ஆசிட்னா எரிஞ்சு காட்டிக் கொடுத்துரும், இது நீர்த்திருந்தா மணிக்கணக்குல வலியே தெரியாது, அதுக்குள்ள தோலைத் தாண்டி உள்ள போய் உடம்புல இருக்குற கால்சியத்தைப் பிடிச்சிரும், பட்ட இடம் பெருசா இருந்தா இதயத்துடிப்பே தாறுமாறாகும். கண்ணாடியை அரிச்சுரும்ங்கறதால பிளாஸ்டிக் பாட்டில்லதான் இருக்கும். எட்சிங், துரு எடுக்குற வேலைக்கு வாங்கின கலவை எதுவா இருந்தாலும் லேபிள்ல ஃப்ளோரைடு, பைஃப்ளோரைடுன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா உடனே 5 நிமிஷம் தண்ணியில கழுவிட்டு, க்ளவுஸ் போட்ட கையால 2.5 சதவீத கால்சியம் க்ளூகோனேட் ஜெல்லைத் திரும்பத் திரும்பத் தேய்ச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும், வலி இல்லன்னாலும் போகணும், ஜெல் இல்லன்னா கழுவுறதை நிறுத்தக் கூடாது. போன உடனே வாயால "ஹைட்ரோஃப்ளோரிக்"னு சொல்லுங்க, தாள்லயும் மேலயே பெருசா எழுதுங்க. நான் பாத்த பல லேப்ல இந்த ஆசிட் இருக்கும், ஜெல் இருக்காது, இருந்தாலும் எக்ஸ்பயரி ஆகியிருக்கும். ஆடிட்டுக்கு ஃபைல் அட்டை மாத்த நேரம் இருக்கு, ஒரு ட்யூப் வாங்க நேரம் இல்லையா?

ரெடிமேட் ஃபார்மேட்டுக்கு காசு குடுக்காதீங்க. நான் பாத்ததுல முதலுதவின்னு இருக்குற கட்டத்துல "உடனடியாக 15 நிமிடம் கழுவப்பட்டது"ன்னு முன்னாடியே அச்சடிச்சிருந்தாங்க, பேரு மட்டும் நிரப்புனா போதுமாம். நடக்காத முதலுதவிக்கு நீங்க கையெழுத்து போட்டாச்சுன்னு அர்த்தம். வெள்ளைத் தாள் போதும்.

சார் ஒரு வரி போதும்னா, "நீங்க சொன்ன வரி மேல இருக்கட்டும் சார், கீழ நான் பாத்ததை எழுதுறேன்"னு சொல்லிட்டு எழுதுங்க. யார் தப்புன்னு எழுத வேணாம், என்ன நடந்துச்சுன்னு மட்டும். இன்னைக்கே எழுதி ஒரு காப்பி நீங்க வச்சுக்கோங்க. நாளைக்கு மணிக்கட்டுல சிவப்போ கொப்புளமோ தெரிஞ்சா டாக்டரைப் பாத்துட்டு, பழைய தாளைத் திருத்தாம, கீழ தேதி நேரம் போட்டுத் தனியா ஒரு வரி சேருங்க.