சாலையோரப் பேனருக்கு எத்தனை பிக்சல் போதும்?

கேள்வி: "எங்கள் கடைக்கு 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கப் போகிறோம். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து, சுமார் 40 அடி தூரத்தில் மக்கள் பார்ப்பார்கள். கையில் இருக்கும் புகைப்படம் 6000க்கு 4000 பிக்சல்தான். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்கிறார்கள். இந்தப் படம் தாங்குமா?"

தாராளமாகத் தாங்கும். தேவையானதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகவே உங்களிடம் பிக்சல்கள் இருக்கின்றன.

நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறையாமல் விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளைத்தான் தனித்தனியாகப் பிரித்தறியும். அதைவிட நெருங்கிய புள்ளிகள் ஒன்றாகக் கலந்து தெரியும். கையில் பிடித்த புத்தகம் கண்ணிலிருந்து ஓரடி தூரத்தில் இருக்கிறது என்றால், அந்தக் கோணம் தாளின் மீது 0.09 மில்லிமீட்டர் அகலத்தை அடைக்கிறது. ஓர் அங்குலத்தில் அப்படி ஏறக்குறைய 286 இடைவெளிகள் அடங்கும். பலரும் சொல்லும் 300 என்ற எண், கையில் வைத்துப் படிக்கும் அச்சுக்கு உரிய இந்தக் கணக்கோடுதான் பொருந்துகிறது. தூரம் கூடக்கூட அதே கோணம் அதிக அகலத்தை அடைப்பதால், தேவையான பிக்சல் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைந்துவிடும். ஆகவே 286ஐப் பார்வைத் தூரத்தின் அடிக்கணக்கால் வகுத்தால், ஓர் அங்குலத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை பிக்சல் வேண்டும் என்பது கிடைத்துவிடும்.

உங்கள் பேனருக்கு 286ஐ 40ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது ஒரு பிக்சல் மூன்றரை மில்லிமீட்டர் அகலம் இருந்தாலும் எதிர்ப்புறத்தில் நிற்பவருக்கு அது தனியாகத் தெரியாது. உங்கள் படத்தைப் பேனரின் வடிவத்துக்கு 6000க்கு 3000 என்று வெட்டி 240 அங்குல அகலத்துக்கு விரித்தால், அங்குலத்துக்கு 25 பிக்சல் கிடைக்கிறது. அப்போது ஒரு பிக்சலின் அகலம் ஒரு மில்லிமீட்டர்தான். நடைபாதையில் பத்துப் பன்னிரண்டு அடி நெருங்கி வருபவருக்கும் இது ஏறக்குறைய போதும். மாறாக, 300 என்ற பிடிவாதத்தோடு கோப்பைச் செய்தால் 72,000க்கு 36,000 பிக்சல், அதாவது ஏறக்குறைய 260 கோடி பிக்சல்கள் ஆகும். நான்கு வண்ண அச்சுக்கான அந்தக் கோப்பு சுருக்கப்படாத நிலையில் பத்து ஜிபியைத் தாண்டும். ஜேபெக் கோப்பின் ஒரு பக்கம் 65,535 பிக்சலுக்கு மேல் போகவே முடியாது என்பதால், அந்த வடிவத்தில் அதைச் சேமிக்கவும் இயலாது.

அச்சகத்தில் இயந்திரம் 720 டிபிஐ என்று சொன்னால் குழம்ப வேண்டாம். அது இயந்திரம் தெளிக்கும் மைத்துளிகளின் எண்ணிக்கை. ஒரு பிக்சலின் நிறத்தை உருவாக்கவே பல துளிகள் சேர வேண்டியிருப்பதால், படத்தின் பிக்சலை அந்த எண்ணோடு ஒப்பிடத் தேவையில்லை.

எழுத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிவதைவிட, ஒரு நேர்கோடு சற்றே விலகுவதைக் கண்டுபிடிப்பதில் நம் கண் பல மடங்கு கூர்மையானது. முகமும் துணியும் அழகாகத் தெரியும் அதே பிக்சல் அளவில், கடைப் பெயரின் வளைவுகளில் மட்டும் படிக்கட்டு போன்ற விளிம்பு தெரிவதற்கு இதுவே காரணம். எனவே பெயர், தொலைபேசி எண், லோகோ ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்துப் பிக்சலாக்காமல், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு கெடாத வெக்டர் வடிவிலேயே வைத்துக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். டிசைனர் பத்தில் ஒரு பங்கு அளவில், அதாவது 24க்கு 12 அங்குலத்தில், 250 பிக்சல் அடர்த்தியில் வேலை செய்தால், முழு அளவில் அது சரியாக 25 ஆகிவிடும்.

என் அனுபவத்தில் பேனர்களைக் கெடுப்பது பெரும்பாலும் பிக்சல் பற்றாக்குறை அன்று, படம் கைமாறும் வழி. வாட்ஸ்அப்பில் சாதாரணப் புகைப்படமாக அனுப்பிய படம் 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கி வந்தால், இந்தப் பேனரில் அது அங்குலத்துக்கு ஏழைக்கூடத் தொடாது. அதைவிடப் பெரிய பாதிப்பு, ஜேபெக் சுருக்கம் எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக நடப்பது. அந்த அளவில் ஒரு கட்டம் ஓர் அங்குலத்துக்கும் மேல் அகலமாகி, வானம், கன்னம் போன்ற வழுவழுப்பான பகுதிகளில் 40 அடியிலிருந்தே சதுரம் சதுரமாகத் தெரியும். பிறகு ஃபோட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மாற்றினாலும் இழந்த விவரம் திரும்பாது. படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் இந்தச் சேதம் நேராது.

அச்சுக்குக் கொடுக்கும் முன், வெட்டிய படத்தில் முகம் இருக்கும் இடத்திலிருந்து 292க்கு 207 பிக்சல் துண்டு ஒன்றை எடுத்து, ஏ4 தாள் முழுவதையும் நிரப்பும்படி அச்சிடுங்கள். பேனரில் அந்தப் பகுதி எந்த அளவில் வருமோ அதே அளவில்தான் அது தாளில் இருக்கும். சுவரில் ஒட்டி 40 அடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு மெல்ல நெருங்கி வந்து, கட்டங்கள் எந்தத் தூரத்தில் தெரியத் தொடங்குகின்றன என்று கவனியுங்கள். வாடிக்கையாளர் பேனரைப் பார்க்கும் தூரம் அதைவிட அதிகம் என்றால், படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம்.