வாங்கும் முன் ஒரு வார்த்தை: ஃபோனில் நீலம், தாளில் கத்தரிப்பூ

அச்சடித்த கலண்டர், ஃபோனில் பார்த்ததை விட இருட்டாக இருக்கிறது. மை மோசமா? – மானிப்பாய்

ஃபோன் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, கலண்டரை வெயிலில் பிடித்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.

மகளின் பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், ஃபோனில் கடும் நீலமும் கிளிப்பச்சையுமாக மின்னியது. 300 அடித்து வந்தபோது நீலம் கத்தரிப்பூ நிறம், பச்சை வாடின கீரை. மையைக் குறைத்து அடித்து ஏமாற்றிவிட்டார்களா? – கோப்பாய்

இல்லை அம்மா. நீலத்துக்கு மை குறையவில்லை, கூடித்தான் போயிருக்கிறது.

ஃபோன் திரை தானே ஒளிவிடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளையும் கூட்டக் கூட்ட வெண்மையை நோக்கிப் போகும். அதுதான் ஆர்ஜிபி. தாளுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. மேலே விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கை மை விழுங்க, மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. வான்நீலச் சாயலுள்ள சயன் மை சிவப்பை விழுங்கும், கடும் ரோஸ் நிற மஜெந்தா பச்சையை விழுங்கும், மஞ்சள் மை நீலத்தை விழுங்கும். மூன்றையும் ஒன்றாக அடித்தால் கறுப்பு வரவேண்டும், ஆனால் சேற்று நிறம்தான் வரும். அதனால் கறுப்பை நான்காவது மையாகச் சேர்க்கிறார்கள். இதுதான் சிஎம்வைகே.

இப்போது உங்கள் நீலத்துக்கு வருவோம். திரையில் அது சிவப்பு 0, பச்சை 0, நீலம் உச்ச அளவான 255. நாலு நிற அச்சில் நீலத்துக்கென்று தனி மை கிடையாது. சயனையும் மஜெந்தாவையும் ஒன்றன்மேல் ஒன்று அடித்துத்தான் எடுக்கவேண்டும். ஃபோட்டோஷொப்பின் வழக்கமான மாற்றத்தில் அந்த நீலம் கிட்டத்தட்ட சயன் 88 வீதம், மஜெந்தா 77 வீதம் ஆகிவிடும். மஜெந்தா மை பச்சையை மட்டும் விழுங்கினால் நல்லது, ஆனால் நிஜத்தில் நீலத்திலும் ஒரு வாய் வைக்கும். சயனும் சிவப்பை முழுதாக விழுங்காமல் கொஞ்சம் தப்பவிடும். தப்பிய சிவப்போடு குறைந்த நீலம் சேர்ந்தால் கத்தரிப்பூ நிறம்தான்.

இதற்கு வழி உண்டு. மஜெந்தாவை இறக்கவேண்டும். சயன் 100, மஜெந்தா 60 என்று வைத்தால் ஃபோனில் கண்ட மினுக்கம் வராது, ஆனால் பார்க்கிறவர் நீலம் என்றுதான் சொல்வார். சயனை விட மஜெந்தா 30 வீதமாவது குறைவாக இருக்கட்டும் என்பது அச்சுக்காரரின் பழைய கணக்கு. கிளிப்பச்சைக்கு இந்த வித்தையும் பலிக்காது. நாலு மைகளின் எல்லைக்கு வெளியே கிடக்கும் நிறம் அது. கட்டாயம் வேண்டுமென்றால் கலந்து வைத்த தனி மையில் அடிக்கவேண்டும், 300 அழைப்பிதழுக்கு அது கட்டுப்படியாகாது.

எனக்குக் கோபம் வருவது வடிவமைப்பவர்கள் மேல். படத்தைக் கடைசி நிமிடம் வரை ஆர்ஜிபியிலேயே வைத்திருந்து, அனுப்பும்போது ஒரு பொத்தானை அமுக்கி மாற்றிவிட்டு, "அச்சில் அப்படித்தான் வரும்" என்பார்கள். ஃபோட்டோஷொப்பில் `Ctrl+Y` அமுக்கினால் தாளில் எப்படி மங்கும் என்று முன்கூட்டியே காட்டும். View பட்டியலில் `Gamut Warning` போட்டால் மையால் எட்டமுடியாத இடங்கள் சாம்பலாகிவிடும். ஒரு நிமிட வேலை. உங்களிடம் அதைக் காட்டி, "இந்தப் பச்சை வராது, வேறு பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம்.

நானும் பட்டவன்தான். தம்பி மகளின் கலியாண அழைப்பிதழை, மலிவு என்று பூச்சில்லாத சொரசொர தாளில் அடிப்பித்தேன். அந்தத் தாள் மையை உள்ளே உறிஞ்சி, புள்ளிகளையும் பரப்பிவிடும். அரக்குச் சிவப்பு காய்ந்த செங்கல்லாக வந்தது. அதே கோப்பைப் பூச்சுள்ள ஆர்ட் தாளில் ஒன்று அடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதற்குள் 400 போய்விட்டது.

மாதிரியை வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், வேலை நேரம் என்றதால் பார்க்காமல் ஓகே போட்டுவிட்டேன். இப்போது நிறம் பிடிக்கவில்லை. காசைத் திருப்பிக் கேட்கலாமா? – சுன்னாகம்

கேட்கலாம், தரமாட்டார்கள். அந்த ஓகேதான் உங்கள் கையெழுத்து. திறந்து பார்த்திருந்தாலும் ஃபோனில் தெரிவது ஒளி, தாள் இல்லை. கேட்கவேண்டியது தாளில் அடித்த மாதிரி, அதுவும் அடிக்கப்போகும் அதே தாளில்.

தடித்த பளபளப்புத் தாளில் அடித்த மாதிரியைக் காட்டி முற்பணம் வாங்கினார்கள். கொடுத்தது மெல்லிய தாள், நிறமும் வெளிறல். கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். – சாவகச்சேரி

ஒன்றில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த மாதிரியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதையும் வந்த தாளையும் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டில் தாளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள், மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழையுங்கள். மீதிப் பணம் கொடுக்கவில்லை என்றால், இந்தப் பேச்சு முடியும் வரை கொடுக்காதீர்கள்.