வழக்குச் செய்தியில் வழக்காளி, எதிராளி, மனுதாரர்: யார் எந்தப் பக்கம்?

கேள்வி: வவுனியாப் பக்கம் நடக்கிற ஒரு வேலிச் சண்டை வழக்கைப் பேப்பரில தொடர்ந்து வாசிக்கிறன். முதல்ல 'பிரதிவாதி' எண்டு போட்ட ஆளைப் பிறகு 'மனுதாரர்' எண்டு போட்டினம். இப்ப 'வழக்காளி' எண்டு கிடக்கு. ஆள் ஒருத்தர்தானே? இதை எப்பிடி விளங்கிறது?

பதில்:

ஆள் ஒருவர்தான், வழக்குத்தான் மாறியிருக்கிறது. எந்த நீதிமன்றத்தின் கதவு, அதை முதலில் தட்டியவர் யார் என்பதைப் பார்த்துத்தான் இந்தப் பெயர்கள் விழுகின்றன. சரி, பிழையோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை.

ஓமந்தைப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு உறுதிக் காணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் காணிக்காரர் ஒரு நாள் வேலியைப் பிடுங்கி ஐந்து முழம் மேற்கே தள்ளிப் போட்டுவிட்டார். மேற்குக் காணிக்காரர் பொலிசுக்குப் போகிறார். அந்த இடத்தில் அவர் 'முறைப்பாட்டாளர்', அவ்வளவுதான். வழக்கு என்று இன்னும் ஒன்றும் பிறக்கவில்லை.

கைகலப்பு வரும் என்று பொலிசார் கருதினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்கு அறிவிப்பார்கள். தனியாக ஆரம்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவானே அந்த வேலையையும் பார்க்கிறார். அதனால் பத்திரிகையில் 'நீதவான் நீதிமன்றம்' என்றுதான் வரும், வாசிக்கிறவர் குற்ற வழக்கு என்று நினைத்துவிடுவார். இங்கே குற்றம் சாட்டப்பட்டவர் எவரும் இல்லை, வழக்காளியும் இல்லை. முதலாம் தரப்பு, இரண்டாம் தரப்பு, அவ்வளவே. உங்கள் பேப்பர் 'பிரதிவாதி' என்று போட்டது இந்தக் கட்டத்தில்தான் என்றால், அது பிழையான சொல்.

இந்தக் கட்டத்தில் காணி யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் தீர்ப்பதில்லை. பொலிஸ் அறிவித்த நாளில் அந்தத் துண்டு யார் கையில் இருந்தது என்றே பார்க்கும். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியே தள்ளப்பட்டவர் ஒருவர் இருந்தால், அவரிடமே திரும்பக் கொடுக்கச் சொல்லும். வேலி பிடுங்கி இரண்டு மாதம் தாண்டும் வரை 'ஊருக்குள்ள பேசித் தீர்ப்பம்' என்று இருந்துவிட்டுப் போகிறவர்கள் தோற்பது இதனால்தான். நமது மேற்குக் காணிக்காரர் மூன்றாம் கிழமையே போய்விட்டார், துண்டு அவர் கைக்கு வந்துவிட்டது என்று வைப்போம்.

இந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. கிழக்குக்காரருக்கு உள்ள வழி, மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடுவது. மனுவோடு போகிறவர் அவர் என்பதால் இப்போது அவர் 'மனுதாரர்', மற்றவர் 'எதிர்மனுதாரர்'. வழக்கேட்டின் தலைப்பில் அவருடைய பெயருக்குக் கீழே 'இரண்டாம் தரப்பு–மனுதாரர்' என்று இருக்கும். இந்தக் கோடு போட்ட தொடரை இடமிருந்து வலமாக வாசியுங்கள். முதற்சொல் அவர் முதல் நீதிமன்றத்தில் நின்ற இடம், கடைசிச் சொல் இன்று நிற்கும் இடம். மேலே மேலே போகப் போகத் தொடரும் நீளும். செய்தியாளர் இடத்துக்குப் பஞ்சப்பட்டு ஒரு சொல்லை மட்டும் எடுத்து எழுதும்போதுதான், ஆள் கட்சி மாறிவிட்டாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அங்கேயும் தோற்றால் கிழக்குக்காரர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், அந்தத் துண்டு தனக்கே உரித்து என்று வழக்குப் போடலாம். அந்த நாள் தொட்டு அவர் 'வழக்காளி', மேற்குக்காரர் 'எதிராளி'. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் வாதி, பிரதிவாதி என்று எழுதுவது இந்த இருவரையே. வேலியைப் பிடுங்கியவரே வழக்காளியாக நிற்பது வாசிக்கிறவருக்கு அநியாயமாகப் படும். ஆனால் சட்டக் கண்ணில் பார்த்தால் கஷ்டமான இடத்தில் நிற்பவர் அவர்தான். உரித்து வழக்கில் நிரூபிக்கும் பாரம் வழக்காளியின் தலையில். தன் உறுதியின் பலத்தில்தான் அவர் வெல்ல வேண்டும். எதிராளியின் உறுதியில் ஓட்டை காட்டி வெல்ல முடியாது. ஐந்து முழ நிலத்துக்கு நீதவான் முன்னால் அவ்வளவு மூர்க்கமாகச் சண்டை பிடிப்பதன் காரணம் இதுதான்: அங்கே வென்றவர் காணிக்குள் இருந்துகொண்டு எதிராளியாக நிற்கலாம், தோற்றவர் வெளியே நின்று வழக்காளியாகப் பாரம் சுமக்க வேண்டும்.

பங்கு பிரிக்கும் வழக்கு இதற்கு விலக்கு. பிரிபடாத காணிக்கு நாலு சகோதரர் உரித்தாளிகள், ஒருவர் வழக்குப் போடுகிறார் என்றால் மற்ற மூவரையும் எதிராளிகளாகக் காட்டியே ஆக வேண்டும். அழைப்பாணை வந்ததும் 'தம்பி என்னை எதிராளி ஆக்கிப்போட்டான்' என்று முகம் முறிப்பவர்கள் உண்டு. அங்கே எதிராளியும் வழக்காளி மாதிரித்தான், தன் பங்கைத் தானே காட்டி நிரூபிக்க வேண்டும்.

இனி, இதே வேலியடியில் ஒருவர் மண்வெட்டியால் மற்றவரின் கையை வெட்டிவிட்டார் என்றால் வேறு கதை தொடங்குகிறது. வெட்டுப்பட்டவர் வழக்காளி ஆகமாட்டார், அவர் சாட்சி. வழக்கை நடத்துவது நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ், மேல் நீதிமன்றத்தில் சட்டமா அதிபர். வெட்டியவர் விசாரணை நடக்கும் வரை 'சந்தேகநபர்', குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பிறகு 'எதிரி'. எங்கள் பக்கத்துச் செய்திகளில் 'முதலாம் எதிரி' என்று வருவது இதைத்தான், பகையாளி என்று பொருள் கொள்ளக்கூடாது.

கொழும்பிலிருந்து வரும் செய்திகள் இந்த எதிரியையும் 'பிரதிவாதி' என்றே எழுதும். சிங்களத்தில் 'வித்திகரு' என்ற ஒரே சொல் இரண்டு வகை வழக்குக்கும் ஓடுவதால், மொழிபெயர்ப்பிலும் அப்படியே வந்துவிடுகிறது. போதாததற்கு, அடிப்படை உரிமை மனுச் செய்திகளில் எதிர்மனுதாரர்களையும் 'பிரதிவாதிகளாகப் பெயரிடப்பட்டுள்ளனர்' என்று போடுவார்கள். பொலிஸ் மா அதிபர் பிரதிவாதி என்று வாசித்ததும் அவர்மீது குற்ற வழக்கு என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். அந்தப் பதவியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். 2009இல் படையினரிடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் உறவினர் போட்ட ஆட்கொணர்வு மனுக்களும் அப்படித்தான். மனுதாரர் மனைவி அல்லது தாய், எதிர்மனுதாரர் இராணுவத் தரப்பு. எதிரி என்று எவரும் இல்லை.

ஆகவே 'பிரதிவாதி' என்ற சொல்லைக் கண்டால் அதைச் சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள். பிணை, விளக்கமறியல், தண்டனை என்று இருந்தால் அவர் குற்றம் சாட்டப்பட்டவர். உரித்து, நட்டஈடு, தடை உத்தரவு என்று இருந்தால் பெரும்பாலும் எதிராளி. மனு என்று தொடங்கியிருந்தால் எதிர்மனுதாரர்.

நீதிமன்றப் பெயரிலும் கவனம் வேண்டும். எங்களுக்கு மேல் நீதிமன்றம் என்பது மாகாணத்தில் இருப்பது, உயர் நீதிமன்றம் என்பது கொழும்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்துக்கும் மேலே உச்ச நீதிமன்றம் உண்டு. இணையத்தில் இரண்டு நாட்டுச் செய்தியையும் கலந்து வாசிக்கிறவர்கள் வழுக்குகிற இடம் அது.