23 அடிகளின் பதிவேடு

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது, அறிவுசார் மாற்றுத்திறனாளி. ஆறு மாதமாகப் பக்கத்தில் இருப்பவர்களை அடிக்கிறான். நடத்தைப் பகுப்பாய்வு செய்து எழுத்தில் ஒரு திட்டம் தருவதாகச் சொல்கிறார்கள். அதில் உண்மையில் என்ன செய்வார்கள்?

"எல்லாம் கவனத்தை ஈர்க்கத்தான்" என்ற தீர்ப்பை நீங்கள் இதற்குள் பலரிடம் கேட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் சிறப்பாசிரியராக இருக்கும் நானும் அதை எத்தனையோ பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தவர், பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டுமே பேசும் 27 வயது இளைஞர் ஒருவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

முதல் வேலை, எதை எண்ணப்போகிறோம் என்று வரையறுப்பது. "முரட்டுத்தனம்" என்று எழுதினால் ஒருவர் கத்தலை எண்ணுவார், இன்னொருவர் முறைப்பதை எண்ணுவார். நாங்கள் எழுதியது இது: "விரித்த கையாலோ முழங்கையாலோ மற்றவர் உடலில் படும்படி அடிப்பது. மேசையைத் தட்டுவதும் கத்துவதும் சேரா." பிறகு ஒவ்வோர் அடிக்கும் நேரம், அருகில் இருந்தவர், சற்று முன் நடந்தது, அவர் செய்தது, உடனே பின்னால் நடந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்தோம். பலரும் கடைசிக் கட்டத்தில் "சமாதானப்படுத்தினோம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். உண்மையில் அந்தக் கட்டத்தில்தான் விடை இருக்கிறது. அடிக்குப் பிறகு அவருக்கு என்ன கிடைத்தது, எது அவரை விட்டு விலகியது என்று அதில் எழுத வேண்டும்.

15 வேலை நாட்களில் 23 அடிகள் பதிவாகின. அவற்றில் 16, காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் பேப்பர் கவர் ஒட்டும் வேளையில் நடந்தவை. அந்தப் பதினாறில் 14 முறை, கடைசிக் கட்டத்தில் ஒரே வரி இருந்தது: "வராந்தா பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார்." தண்டனை என்று நினைத்து நாங்களே ஏற்படுத்திய பெஞ்சு அது. ஒருவரை அடித்தால் பசையும் காகிதக் கட்டும் கண்ணைவிட்டு மறைந்துவிடும் என்பதை இரண்டு ஆண்டுகளாக நாங்களேதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

ஆனால் பதிவேடு தருவது ஊகம் மட்டுமே. அதைச் சோதிக்க வேண்டும். நான்கு நாட்கள், பதினைந்து நிமிடங்களுக்கு மிகாமல், இரண்டு ஏற்பாடுகளை மாற்றி மாற்றிச் செய்தோம். ஒன்றில் வேலை மிகக் குறைவு, ஆனால் யாரும் அவரிடம் பேசுவதில்லை. மற்றதில் முழுக் கட்டு வேலை, பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆசிரியை இடைவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். கவனத்துக்காக அடிப்பவர் என்றால் முதல் ஏற்பாட்டில்தான் பொறுமை இழந்திருக்க வேண்டும். அவர் தவித்ததோ இரண்டாவதில். "வேண்டுமென்றே தூண்டிவிட்டுப் பார்ப்பதா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: அடி விழும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அடிப்பதற்கு முன் அவர் சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடிப்பார். அந்த அறிகுறியை எண்ணிக்கொண்டு உடனே நிறுத்திவிட்டோம். பயிற்சி பெற்றவர் உடன் இல்லாமல் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொரு முடிச்சு இருந்தது. அந்த 16 அடிகளும் ஆறே நாட்களில் விழுந்தவை. மற்ற ஒன்பது நாட்களும் அதே கட்டு, அதே பசை, ஆனால் அந்த வேளையில் ஓர் அடிகூட இல்லை. அவருடைய அம்மா வீட்டில் எழுதிவந்த குறிப்போடு ஒப்பிட்டபோது, அந்த ஆறில் ஐந்து நாட்களில் அவர் இரண்டு நாட்களோ அதற்கு மேலோ மலம் கழித்திருக்கவில்லை. தொடக்கத்திலேயே பல், காது, வயிறு எல்லாவற்றையும் விசாரித்திருந்தோம். "வயிறு நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலோடு விட்டுவிட்டது என் பிழை. இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அடிக்கிறார் என்று தொலைபேசியில் கேட்ட மாத்திரத்தில், பார்க்காமலேயே அவருக்கு மனநோய் மருந்தின் அளவு கூட்டப்பட்டிருந்தது; அதனால் வரும் நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரையும் சேர்ந்தது. அந்த வகை நடுக்க மாத்திரைக்கு மலச்சிக்கல் தெரிந்த பக்கவிளைவு. நான் மருந்துக்கு எதிரி அல்ல. ஆயினும் அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் 86 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஆக்ரோஷத்தைக் குறைப்பதில் ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்துகள் மருந்தில்லாத போலி மாத்திரையைவிட மேலாக இருக்கவில்லை. அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். பதிவேட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நாங்கள் காட்டியபோது வேறொரு மருத்துவர் மலச்சிக்கலுக்குச் சிகிச்சை தந்து, மாத்திரைகளையும் படிப்படியாகக் குறைத்தார்.

எழுத்துத் திட்டம் இரண்டே பக்கம். அதில் அவரை "அவர்" என்றே எழுதியிருக்கிறோம். 27 வயது ஆளைப் பதிவேட்டில் "அவன்" என்று எழுதும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. இரண்டு நாட்கள் மலம் கழிக்காவிட்டால் அம்மா காலையில் தகவல் தருவார், அன்று கட்டு பாதியாகும் என்பது முதல் வரி. திட்டத்தின் நடுநாயகம், ஓய்வு வேண்டும் என்று கேட்கக் காட்டுவதற்காக மேலங்கியில் கட்டிய ஒரு மஞ்சள் அட்டை. காலர் வாய்க்குப் போனதும் பின்னால் நிற்கும் உதவியாளர் அவர் கையை மெல்ல அட்டைக்குக் கொண்டுபோவார். எதிரே இருக்கும் ஆசிரியை "சரி, போயிட்டு வாங்க" என்பார். மூன்று நிமிடம் ஓய்வு. முதல் இரண்டு வாரம் எத்தனை முறை காட்டினாலும் மறுப்பில்லை. மூன்றாம் நாள் 19 முறை காட்டினார், கவர் ஏறக்குறைய ஒன்றும் ஒட்டவில்லை. "சோம்பேறியாக்குகிறீர்கள்" என்று சக ஆசிரியர்களே சொன்னார்கள். அடித்து வாங்கிக்கொண்டிருந்த அதே ஓய்வை இப்போது கேட்டு வாங்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு கவர் ஒட்டிய பிறகு அட்டை, பிறகு ஐந்து என்று கூட்டினோம். பத்தாம் வாரத்தில் இரண்டு ஓய்வோடு 20 கவர் ஒட்டினார்.

அட்டையை மீறி அடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும்: மற்றவர்களை விலக்குவது, கைக்கெட்டாத தூரத்தில் நிற்பது, பேசாதிருப்பது, பிடித்து அமுக்காதிருப்பது, அமைதியானதும் ஒரே ஒரு கவர் ஒட்டவைத்து அட்டையைக் காட்டச் செய்து ஓய்வு தருவது. ஐந்தாம் வாரம் புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர், அட்டையை இரண்டு முறை காட்டியும் "இன்னும் நாலுதான், முடிச்சிட்டுப் போங்க" என்றார். அடுத்து காலர், அடுத்து அடி. பதறிப்போய் அந்த இளைஞரைப் பெஞ்சுக்கே அனுப்பிவிட்டார்கள். அட்டையைவிட அடி வேகமாக வேலை செய்கிறது என்று அன்று அவர் மறுபடி கற்றுக்கொண்டார். அதைச் சரிசெய்ய எங்களுக்கு எட்டு நாட்கள் பிடித்தன. "முதல் பக்கத்தைப் படித்துக் கையெழுத்திடாதவர் அருகில் அமரக் கூடாது" என்ற வரி அதன் பிறகுதான் திட்டத்தில் ஏறியது.

மூன்று மாதம் கழித்து மீண்டும் 15 வேலை நாட்கள் எண்ணினோம். நான்கு அடிகள், அவற்றில் மூன்று ஒரே நாளில் விழுந்தவை, அன்று காலை அம்மாவிடமிருந்து தகவல் வந்திருக்கவில்லை.

இதை அப்படியே உங்கள் தம்பிக்குப் பொருத்திவிடாதீர்கள், இவருக்கே இது முழுதாகப் பொருந்தாது. வீட்டில் இவர் அடிப்பது, பாட்டுக் கேட்கும் செல்பேசியைத் திருப்பி வாங்கும்போது. அங்கே தப்பிக்க எந்த வேலையும் இல்லை, வேண்டியது அந்தப் பொருள். மஞ்சள் அட்டையால் அங்கே பயனில்லை. அதற்கென்று அம்மா தனி நோட்டில் எழுதிவருகிறார், இது இரண்டாவது வாரம்.