பிற்பகல் 3 மணி அயர்வு: வாசகர் கேள்விகளும் உணவியலாளரின் பதில்களும்

எண்ணெய்ப்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டுக்கடையில் சோறு, கோழிக்கறி, கொஞ்சம் முட்டைக்கோசுப் பிரட்டல், ஒரு தே தாரேக். 3 மணிக்குச் சம்பளக் கணக்கில் ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது. வயது 41, சர்க்கரை நோய் இல்லை.

பிற்பகலில் விழிப்பு சற்றுத் தளர்வது உடலின் உள்கடிகாரத்தின் இயல்பே. சாப்பிடாதவருக்கும் அது வரும். ஆயினும் அந்தச் சிறு தளர்வைப் பெரும் உறக்கமாக மாற்றுவது பெரும்பாலும் தட்டுதான். நம் ஊர்க் கடையில் கட்டித் தரும் சோற்றுப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அளந்து பார்த்தேன்: 3 கப் நிறைந்தது. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து உண்டு என்பதால், சோற்றிலிருந்து மட்டுமே 135 கிராம் சேர்கிறது. தே தாரேக்கில் 2 மேசைக்கரண்டி கெட்டிப்பால் விழுந்தால், அதுவே ஏறக்குறைய 5 தேக்கரண்டி சீனிக்குச் சமம். இவ்வளவும் ஒரே வேளையில் இறங்கும்போது இரத்தச் சர்க்கரை விரைந்து ஏறுகிறது, இன்சுலினும் அதற்கேற்ப மிகுதியாகச் சுரக்கிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தொடங்கிய அளவுக்கும் கீழே சரிந்துவிடுகிறது.

முதலில் தேநீரை மாற்றுங்கள்; சோற்றைக் குறைப்பதைவிட அது எளிது. தே ஓ கோசோங் கேளுங்கள், கசந்தால் முதல் வாரம் அரைத் தேக்கரண்டி சீனி போதும். அடுத்து, கடைக்காரர் அகப்பையை எடுக்கும் முன்பே “சோறு பாதி” என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் கீரையோ வெண்டைக்காயோ இரண்டு கரண்டி வைக்கச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சு சொல்லும் “சுக்கு சுக்கு செப்பாரோ” முறையும் இதுதான்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். இங்கே பலர் ஏமாறுவது குழம்பில். சாம்பாரின் தண்ணீரையும் கோழிக்கறியின் எண்ணெயையும் ஊற்றிக்கொண்டு, புரதம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உள்ளங்கை அளவு கறித்துண்டு தட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

காய்கறியையும் கறியையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னால் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டபின் 10 நிமிட நடையும் அவ்வாறே உதவும். இரண்டு வாரம் இப்படிச் செய்தும், இரவில் 7 மணி நேரம் உறங்கியும், 3 மணி உறக்கம் மாறாவிட்டால் காரணம் உணவு அல்ல என்று கொள்ளலாம். பலத்த குறட்டை, இரத்தச்சோகை, தைராய்டு ஆகியவற்றைக் கிளினிக்கில் பார்க்கச் சொல்வேன்.

சாப்பிட்டால்தான் தூக்கம் வருகிறது என்று மதிய உணவையே விட்டுவிட்டேன். சரியா?

சரியன்று. மாலை 4 மணிக்குப் பசி தாங்காமல் பீசாங் கோரேங் வாங்கி ஐந்தாறு துண்டு உண்பதில்தான் இது முடியும். சிறிய மதிய உணவே நல்லது.

3.30 மணிக்கு ஏதாவது கொறிக்க வேண்டும் போலிருக்கிறது. கச்சாங் பூத்தே சாப்பிடலாமா?

அதில் எது இருக்கிறது என்று பாருங்கள். முறுக்குத் துண்டும் ஓமப்பொடியும் மிகுந்த கலவை, எண்ணெயில் பொரித்த மாவுதான். வேகவைத்த கொண்டைக்கடலை வேறு: அரைக் கப்பில் 7 கிராம் அளவு புரதமும் நார்ச்சத்தும் உண்டு. முதல் நாள் இரவு ஊறவைத்து, காலையில் வேகவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து டப்பாவில் எடுத்து வாருங்கள். தேங்காய்ப்பூவை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நம் வெயிலில் பிற்பகலுக்குள் கெட்டுவிடும். சுண்டல் செய்ய இயலாத நாளில் ஒரு கொய்யாவும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் போதும். அந்த நேரத்துக் கோப்பி மட்டும் வேண்டாம், அதன் காஃபீனில் பாதி இரவு 8 அல்லது 9 மணிக்கும் உடலில் இருக்கக்கூடும்; உறக்கம் கெட்டால் மறுநாள் பிற்பகல் மேலும் கனக்கும்.

சர்க்கரை நோய்க்குக் கிளிக்லசைட் மாத்திரை எடுக்கிறேன். பிற்பகலில் கை நடுங்கி, வியர்த்து, அயர்வாக வருகிறது.

இதைச் சாதாரண அயர்வாக எண்ண வேண்டாம், இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம். அந்த நேரத்திலேயே விரலில் குத்திச் சோதியுங்கள். அளவு 4 mmol/L-க்குக் கீழ் இருந்தால் சுண்டலும் கடலையும் உதவா, அவை மெல்லத்தான் செரிக்கும். 3 தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் அதையே திரும்பச் செய்யுங்கள். கருவி கையில் இல்லாவிட்டால் காத்திராமல் சீனிநீரைக் குடித்துவிடுங்கள். முதல் பதிலைப் படித்து நீங்களாகச் சோற்றைப் பாதியாக்க வேண்டாம்: மாத்திரையின் அளவு இப்போதைய உணவுக்கு ஏற்பத் தரப்பட்டது. நேரத்தையும் அளவையும் எழுதிக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.